நாலாம் வகுப்பு வீட்டுப்பாடக் கட்டத்துக்கு யோசனை வேண்டும்

காரைக்குடி பக்கம் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். வாரம் ஒரு தாள், அதில் ஒன்பது கட்டம்: மேல் வரிசை வாசிப்பு, நடுவில் கணக்கு, கீழே சின்ன வீட்டு வேலை. வரிசைக்கு ஒன்றைப் பிள்ளைகளே எடுத்துச் செய்ய வேண்டும். சிக்கல் நடு வரிசையில்தான். எல்லாரும் வாய்ப்பாடு எழுதும் கட்டத்தையே எடுக்கிறார்கள், வகுத்தல் பக்கம் யாரும் போவதில்லை. வீட்டு முகப்புத் தரையில் ஆத்தங்குடிக் கல் நீளத்துக்கு 14, அகலத்துக்கு 9 என்று எண்ணி மொத்தம் கண்டுபிடிக்கிற கணக்கை மட்டும் ஆசையாகச் செய்தார்கள் (சிமெண்டுத் தரை வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் போய் எண்ணினார்கள், அது தனிக்கதை). அதேபோல வகுத்தலுக்கு, 30 பணியாரத்தை 7 பேருக்குப் பரிமாறினால் தலைக்கு 4, மீதி 2 என்கிற மாதிரி, வீட்டு வேலையோடு ஒட்டிய கணக்கு இருந்தால் சொல்லுங்கள். காசு செலவாகக் கூடாது, அம்மா பக்கத்திலேயே உட்கார வேண்டியதாகவும் இருக்கக் கூடாது.