எம்ஆர்டி: "மீச்சிறு எஞ்சுநோய்" சரியா?

செல்வி:
அன்புள்ள குழுவினருக்கு, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். சிகிச்சைக்குப் பிறகும் உடலில் மிஞ்சும் கொஞ்சம் புற்றணுக்களைக் குறிக்கும் எம்ஆர்டி, அதாவது 'மினிமல் ரெசிடுவல் டிசீஸ்' என்பதற்கு "மீச்சிறு எஞ்சுநோய்" என்றும், 'ரெமிஷன்' என்பதற்கு "நோய்நீக்கம்" என்றும் போட்டிருக்கிறேன். பொருந்துகிறதா?

முருகேசன்:
ஆங்கிலத்திலேயே இப்போது 'மினிமல்' விலகி 'மெஷரபிள்' வந்துவிட்டது. அதனால் "அளவிடத்தக்க எஞ்சுநோய்" என்று மாற்றுங்கள். "நோய்நீக்கம்" அப்படியே இருக்கட்டும். ரெமிஷன் என்றால் மஜ்ஜையில் புற்றணு இல்லை என்றுதானே பொருள்.

ரஹீம்:
என் மகனுக்கு லிம்போபிளாஸ்டிக் வகை. 29ஆம் நாள் மஜ்ஜை எடுத்து, ரெமிஷன் வந்துவிட்டது என்றார்கள். சில நாளில் எம்ஆர்டி 0.3 சதவீதம், பாசிட்டிவ் என்று வந்தது. நோய் திரும்பிவிட்டது என்று வீடே உடைந்துபோனது. இப்போது நெகட்டிவ். அப்படியானால் மருந்தை நிறுத்தலாமா?

டாக்டர் வசந்தா:
ரஹீம் ஐயா, மருந்தை நிறுத்தாதீர்கள். நெகட்டிவ் வந்தாலும் முழுச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் போகும். உங்கள் டாக்டர் சொல்லும்வரை தொடர வேண்டும்.

உங்கள் வீட்டில் நடந்த குழப்பத்துக்கு "நோய்நீக்கம்" போன்ற சொல்லே காரணமாகிவிடும். நோய் கண்டபோது உடலில் லட்சம் கோடி புற்றணுக்கள் வரை இருக்கலாம். அதில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் ஆயிரம் கோடி. ஆனால் மைக்ராஸ்கோப்பில் நூறு அணுவுக்கு ஐந்துக்கும் குறைவாகப் பிளாஸ்ட் என்னும் முதிராத அணு தெரிந்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் தேறி, வேறெங்கும் நோய் தென்படாவிட்டால் ரெமிஷன்தான். மீண்டு வரும் நல்ல மஜ்ஜையிலும் கொஞ்சம் பிளாஸ்ட் இருக்கும். எது நல்லது, எது புற்று என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது.

அணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி அதைப் பிரிக்கும். உங்கள் மகனுக்கு வந்த 0.3 என்பது பத்தாயிரத்தில் 30 அணு. இந்த வகையில் பாசிட்டிவ் என்று சொல்ல வழக்கமான எல்லை பத்தாயிரத்தில் ஒன்று. நோய் திரும்பி வரவில்லை, முழுதாகப் போகவே இல்லை. சிகிச்சையைக் கடுமையாக்கலாமா என்று பார்ப்பது அதனால்தான்.

செல்வி:
அப்படியானால் நெகட்டிவ் என்பதை "எஞ்சுநோய் இல்லை" என்று எழுதலாமா?

டாக்டர் வசந்தா:
வேண்டாம், "காணப்படவில்லை" என்று எழுதுங்கள். ஐந்து லட்சம் அணுக்களைப் பார்த்தால் 0.01 சதவீதம் என்பது 50 அணு, ஒரு கொத்தாகத் தெரியும். ஐம்பதாயிரம்தான் கிடைத்தது என்றால் வெறும் 5. அதைப் புற்று என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஊசியில் முதலில் உறிஞ்சும் மஜ்ஜை இந்தச் சோதனைக்கு வராமல், பின்னால் எடுத்தது வந்தால் ரத்தம் கலந்து அளவு குறைந்து காட்டும். அதனால் எத்தனை அணு பார்த்தோம் என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

செல்வி:
சரி, ரெமிஷனுக்கு "நோய்த்தணிவு", எம்ஆர்டிக்கு "அளவிடத்தக்க எஞ்சுநோய்".

முருகேசன்:
"நீக்கம்" தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தணிவு" காய்ச்சல் இறங்கியது மாதிரி இருக்கிறதே. "நோயடக்கம்"?

ரஹீம்:
அடக்கம் என்றால் எங்களுக்கு வேறு நினைவு வரும் ஐயா. அதை வைக்காதீர்கள். "எஞ்சுநோய்" எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், திரும்பிவிட்டது என்று நினைத்திருக்க மாட்டோம்.