வெள்ளிக்கிழமை செய்திக்கு எந்த வசனம்? (எங்க குடும்ப குரூப்)

ஜெபின் (தோஹா): பெரியப்பா ஸ்தோத்திரம். ஒரு உதவி வேணும். எங்க ஃபெலோஷிப் பாஸ்டர் ஊருக்கு லீவுல போயிருக்காரு, வர்ற வெள்ளி என்னைய செய்தி கொடுக்க சொல்லிட்டாங்க. தலைப்பும் அவங்களே குடுத்துட்டாங்க, ஊர் ஞாபகம், நாம எங்க சேர்ந்தவங்கன்னு. வர்றவங்க முக்காவாசி பேரு இண்டஸ்ட்ரியல் ஏரியா கேம்ப்ல இருந்து பஸ்ஸுல வர்றவங்க, நம்ம ஊர்காரங்க, தூத்துக்குடி பக்கம், மன்னார், மட்டக்களப்புல இருந்தும் ஆளு உண்டு. என்ன வசனம் எடுக்கலாம்?

எஸ்தர் சித்தி: ஐயோ மக்கா ஊரு ஞாபகமாவே இருக்கா உனக்கு, ஒழுங்கா தூங்குறியா சாப்பிடுறியா, ரொம்ப கஷ்டமா இருந்தா வந்துருல மக்கா இங்க என்ன இல்ல, நான் இன்னிக்கு உபவாசம் இருந்து ஜெபிக்கேன் 🙏🙏

ஜெபின் (தோஹா): சித்தி எனக்கு இல்ல சித்தி, செய்தியோட தலைப்பு அது 😄 நான் நல்லாதான் இருக்கேன்

பிரின்சி: அண்ணா எரேமியா 29:11 எடுங்க. நான் உங்கள்மேல் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்னு வருமே. அது பாபிலோனுக்கு சிறையா போனவங்களுக்கு எழுதுன லெட்டர்தான, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு கரெக்டா செட் ஆகும். எங்க யூத் மீட்டிங்ல இத வச்சு சூப்பரா பேசுனாங்க

பெரியப்பா: பிரின்சி, அது நாடு கடத்தப்பட்டவங்களுக்கு எழுதுன கடிதம்ங்கறது சரிதான். ஆனா 11-ஐ மட்டும் பிச்சு எடுத்துட்டு எல்லாரும் மேல இருக்கறத விட்டுடுறாங்க. 10-ஆம் வசனம் 70 வருஷம் ஆகும்னு சொல்லுது, அத கேட்டவங்கள்ல பெரியவங்க யாரும் திரும்பி வந்திருக்க மாட்டாங்க. அப்புறம் 5, 6 என்ன சொல்லுது? வீட்ட கட்டி குடியிருங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்களுக்கும் கல்யாணம் பண்ணி வையுங்க. கேம்ப்ல ரூமுக்கு இத்தன பேருன்னு இரும்பு கட்டில்ல மேலயும் கீழயுமா படுக்கிற ஆள்ட்ட போய் இத வாசிச்சா அவன் என்ன நினைப்பான்? ஜெபின் நீ சொல்லு, உங்கள்ல எத்தன பேரால குடும்பத்த அங்க கூட்டிட்டு வர முடியும்

ஜெபின் (தோஹா): கேம்ப்ல ஒருத்தராலயும் முடியாது பெரியப்பா. அடிப்படை சம்பளம் குறைஞ்சது 1000 ரியால்ங்கற சட்டம் 2021-ல அமலுக்கு வந்துச்சு, நிறைய பேரு அத ஒட்டித்தான் வாங்குறாங்க, அந்த சம்பளத்துக்கு ஃபேமிலி விசா எல்லாம் நினைச்சே பாக்க முடியாது. போன வருஷம் வெளிய இருந்து வந்த ஒரு ஸ்பீக்கர் எரேமியா எடுத்து இந்த தேசத்துல வேர் பிடியுங்கன்னு பேசுனாரு, பின்னால ஒக்காந்திருந்த ஒரு அண்ணன் விசா முடிஞ்சா வேரோட புடுங்கிருவான்னு சொல்லி எல்லாரும் சிரிச்சிட்டாங்க

ஸ்டான்லி அத்தான்: 😂😂 அவன் சொன்னது உண்மதான்

பெரியப்பா: அதான் சொல்றேன். உங்க ஆளுங்க பாபிலோனுக்கு போன யூதர் மாதிரி குடியேறினவங்க இல்ல, சம்பளத்துக்கு போனவங்க. பைபிள்ல அப்படி ஒரு ஆள் இருக்கான், யாக்கோபு. ஆதியாகமம் 27-ல ஆரம்பிச்சு 33 வரைக்கும் உக்காந்து ஒரே மூச்சுல வாசி, பிரசங்கம் தானா வரும். அவன் அம்மா ரெபெக்காள் அவன அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புறா, 27:44 பாரு, சிலநாள் அவனிடத்தில் இருன்னு. மாமன் லாபான் வீட்டுக்கு கொஞ்ச நாள் போயிட்டு வா, நான் ஆள் அனுப்பி கூப்பிடுறேன்னு. அந்த சில நாள் எவ்வளவு ஆச்சு தெரியுமா, 31:41-ல அவனே கணக்கு சொல்றான், 20 வருஷம்

ஸ்டான்லி அத்தான்: மாமா இத கேட்டதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் தம்மாம் போகும்போது எங்கம்மாட்ட ரெண்டே வருஷம், தங்கச்சி கல்யாண கடன அடச்சிட்டு வந்துருவேன்னு தான் சொல்லிட்டு போனேன். கடன் முடிஞ்சதும் வீடு, வீடு முடிஞ்சதும் மூத்தவ படிப்பு

பெரியப்பா: யாக்கோபுக்கும் அதேதான் ஸ்டான்லி. 14 வருஷம் ரெண்டு பொண்டாட்டிக்காக உழைச்சு முடிச்சதும், யோசேப்பு பிறந்த கையோட 30:25-ல லாபான்கிட்ட போய் நிக்கிறான், என் தேசத்துக்குப் போக என்னை அனுப்பிவிடும்னு. முதலாளிகிட்ட ஊருக்கு போக பர்மிஷன் கேக்கிறான். லாபான் என்ன செய்றான், தயவா நீ இருன்னு கேக்கிறான், உன் சம்பளம் என்னன்னு நீயே சொல்லு, தர்றேன்னு சொல்றான். அவனும் ஆடு மாடுக்கு ஆசப்பட்டு இன்னொரு 6 வருஷம் தங்கிட்டான். ரினியூவல் தான் வேற என்ன

ஜெபின் (தோஹா): பெரியப்பா இது அப்படியே எங்க கதை. இங்க முன்னாடி கம்பெனி கையெழுத்து போடாம ஊருக்கே போக முடியாதுல்ல, 2018-ல தான் பெரும்பாலான ஆளுங்களுக்கு அத எடுத்தாங்க, வீட்டு வேலைல இருக்கிறவங்களுக்கு 2020-ல. பழைய ஆளுங்களுக்கு 30:25 வாசிச்ச உடனே புரிஞ்சிரும், விளக்கமே வேண்டாம்

பிரின்சி: ஆனா அண்ணா யாக்கோபும் ஏமாத்துக்காரன்தான, அண்ணன ஏமாத்திட்டு தான ஓடிப்போனான். அவன போய் தொழிலாளிங்களுக்கு எடுத்துக்காட்டா சொன்னா எப்படி

பெரியப்பா: நல்ல கேள்விம்மா. எடுத்துக்காட்டா சொல்ல வேண்டாம், அவன் பட்டத சொன்னா போதும். வேதம் அவன் குத்தத்தையும் மறைக்கல, அவன் உழைப்பையும் மறைக்கல. 31:40 வாசி, பகலிலே வெயிலும் இராத்திரியிலே குளிரும் என்னைப் பட்சித்தது, நித்திரை என் கண்களுக்குத் தூரமாயிருந்தது. என் சம்பளத்தைப் பத்துமுறை மாற்றினான்னு 31:7-ல பொண்டாட்டிகள்ட்ட புலம்புறான். ஜெபின், இந்த ரெண்டு வசனத்தையும் மெதுவா ரெண்டு தடவ வாசி, நடுவுல நீ ஒண்ணும் சொல்லாத. ஆறுதல் சொல்ல அவசரப்படாத. நிறைய பிரசங்கியார் இங்கதான் தப்பு பண்றாங்க, பரலோகம் தான் நம்ம வீடு, இதெல்லாம் கொஞ்ச காலம், பொறுத்துக்கோன்னு சொல்லிடுறாங்க. எபிரெயர் 13:14 நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லைங்கறது சத்தியம்தான், ஆனா மூணு மாசமா சம்பளம் வராதவன்கிட்ட அத முதல்ல சொன்னா வாய மூடுன்னு சொல்ற மாதிரி ஆயிரும்

ஜெபின் (தோஹா): அதுல ஒரு பயம் உண்டு பெரியப்பா. சம்பளம் பத்தி பேசினா கம்பெனிய பத்தி பேசுறதா ஆயிருமோன்னு. வர்றவங்கள்ல ஃபோர்மேன், கேம்ப் பாஸ் எல்லாம் இருக்காங்க. போதாததுக்கு யாக்கோபு 31:20-ல சொல்லாம கொள்ளாம ஓடிருவான், இங்க அப்படி ஓடினா ஆப்ஸ்கான்டிங் கேஸ் போட்டுருவாங்க. ஒருத்தன் இத கேட்டுட்டு வெள்ளிக்கிழம ராத்திரி பையத் தூக்கிட்டு கிளம்பிட்டா?

ஸ்டான்லி அத்தான்: அத நேராவே சொல்லிரு மாப்ள. ஓடாதீங்க, அங்க இப்ப என்ஓசி இல்லாமலே வேலை மாறலாம்னு சட்டம் இருக்குல்ல, நோட்டீஸ் குடுத்து மாறுங்க, சம்பளம் வரலன்னா கம்ப்ளைன்ட் குடுங்க, தெரியலன்னா ஆராதன முடிஞ்சு எங்கிட்ட வாங்கன்னு. ரெண்டு நிமிஷம் போதும்

பெரியப்பா: செய்திக்குள்ள வேண்டாம் ஸ்டான்லி, அறிவிப்புல சொல்லலாம். செய்தியில வசனத்த வாசிச்சா போதும், ஃபோர்மேனுக்கும் காது உண்டு

ஸ்டான்லி அத்தான்: எனக்கு அதுல சம்மதமில்ல மாமா, அறிவிப்ப எவன் கேக்கான். சரி நீங்க பெரியவங்க

அம்மா: ஜெபின், அந்த ஜான் தம்பிக்கு அப்பா தவறிட்டாங்கன்னு சொன்னியே. அவனும் வருவானா

ஜெபின் (தோஹா): வருவான்மா. அதான் எனக்கு மனசுல ஓடிட்டே இருக்கு. லீவு சாங்ஷன் ஆகுறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு, வீடியோ கால்ல தான் பாத்தான், பெட்டிய மூடும்போது நெட் வேற கட் ஆயிருச்சு. அன்னிக்கு நைட் ஷிஃப்டுக்கும் போனான். அவன் முன்னால நின்னு நான் என்னத்த பேசுறது

பெரியப்பா: ரெபெக்காள பேசு. அவ சிலநாள்னு சொல்லி அனுப்பினவ, அதுக்கப்புறம் மகன பாத்ததா வேதத்துல எங்கயுமே இல்ல. 35-ல யாக்கோபு திரும்பி வந்து அப்பா ஈசாக்க பாக்கிறான், ஈசாக்கு செத்ததும் ரெண்டு மகனும் சேந்து அடக்கம் பண்றாங்க. அம்மாவ பத்தி பேச்சே இல்ல. அவள மக்பேலா குகையில அடக்கம் பண்ணினாங்கன்னு 49:31-ல அவன் சாகப்போகும்போது சொல்றான், யார் பண்ணினா, அவன் அங்க இருந்தானான்னு ஒண்ணும் இல்ல. இருந்திருக்க மாட்டான்னு தான் நான் நினைக்கேன். இத அப்படியே சொல்லு. ஏன்னு விளக்காத, தேவசித்தம்னு முடிக்காத. ஜான் பேரையும் சொல்லிராத, அவன பாத்தும் பேசாத

எஸ்தர் சித்தி: பாவம் அந்த பையன் 😢 அவனுக்கும் சேர்த்து ஜெபிக்கேன். அவன் எந்த ஊரு

ஜெபின் (தோஹா): குளச்சல் பக்கம் சித்தி. சரி பெரியப்பா அப்ப ஆறுதல் எங்க வரும்? அழவச்சு அனுப்பிட்டேன்னு ஆகக்கூடாது

பெரியப்பா: 28-க்கு திரும்பி போ. பெத்தேல்ல கல்ல தலைக்கு வச்சு தூங்கினான்ல. நான் உன்னோடே இருந்து, நீ போகிற இடத்திலெல்லாம் உன்னைக் காத்துன்னு தேவன் சொல்றது அவன் லாபான் வீட்டுக்கு போய் சேர்றதுக்கு முன்னாடி, நடுவழியில. அது அவன் ஊரும் இல்ல, போற ஊரும் இல்ல. அங்கதான் மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்னு சொல்றான். உங்க ஆளுங்களுக்கு சேர்ந்த இடம் எதுன்னு தலைப்பு கேக்குதுல்ல, பதில் இங்க இருக்கு. கேம்ப்ல அந்த கட்டில் பக்கத்துல ஆண்டவர் இருக்கார்னு சொல்லு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, திரும்பி வரப்பண்ணுவேன்னு அங்க இருக்கிறத எப்போன்னு தேதி போட்டு வாக்குத்தத்தமா குடுத்துராத. அவனுக்கே 20 வருஷம் ஆச்சு

பிரின்சி: அண்ணன் எசாவு வந்து கட்டிப்புடிக்கிறது 33-ல வருமே, அதோட முடிச்சா ஹேப்பி எண்டிங் பெரியப்பா

ஸ்டான்லி அத்தான்: ஹேப்பி எண்டிங்கா 😀 முழுசா வாசி பிரின்சி. கட்டிப்புடிச்சு அழுதாங்க சரி, சேந்து போவோம்னு எசாவு கூப்பிட்டான், இவன் நீ முன்னால போ நான் பைய வாரேன்னு சொல்லிட்டு சுக்கோத்துக்கு போய் வீட்ட கட்டிட்டான். நானும் என் தம்பியும் அப்படித்தான், நான் அனுப்பின பணத்துல கட்டுன வீட்டுல மாடி எனக்கு கீழ அவனுக்கு, விசேஷத்துக்கு சேந்து சாப்பிடுவோம் மத்தபடி பேச்சு கிடையாது. வந்த புதுசுல எம்பொண்ணு என்னைய வாங்கன்னு கூப்பிட்டா, விருந்தாளிய கூப்பிடுற மாதிரி. ஊருக்கு வந்தா எல்லாம் சரியாயிரும்னு மட்டும் சொல்லாத மாப்ள

ஜெபின் (தோஹா): இத நான் சொல்லலாமா அத்தான்? பேரு சொல்லாம

ஸ்டான்லி அத்தான்: மகள் விஷயம் சொல்லு. தம்பி விஷயம் வேண்டாம், அவன் மச்சான் அங்கதான் இருக்கான்

ஜெபின் (தோஹா): 😂 சரி. பெரியப்பா இன்னொண்ணு, யாக்கோபு கடைசில எகிப்துல செத்தாலும் என்னைய ஊர்ல கொண்டுபோய் அடக்கம் பண்ணுன்னு யோசேப்புகிட்ட சத்தியம் வாங்குறான்ல, 47-ல. அதையும் சேக்கட்டுமா? ஊர் ஞாபகத்துக்கு அத விட பெருசா வேற ஒண்ணும் இல்லயே

பெரியப்பா: சேக்கலாம். சாகும்போதும் ஊர் ஆசை பாவம் இல்லன்னு தெரியும்

ஸ்டான்லி அத்தான்: வேண்டவே வேண்டாம் மாமா. பாடி அனுப்புறதுக்கு பேப்பருக்கு அலைஞ்சவன் அந்த ரூம்ல கண்டிப்பா ஒருத்தனாவது இருப்பான். நான் ஒருத்தருக்காக அலைஞ்சிருக்கேன், கார்கோ டெர்மினல்ல எடை போடுவாங்க. அத நினைப்பான், அப்புறம் நீ சொல்றது எதுவும் காதுல ஏறாது

பெரியப்பா: நீ அனுபவத்துல சொல்ற. ஆனா பேசாம விட்டா மட்டும் அவன் நினைக்காம இருப்பானா

ஜெபின் (தோஹா): ரெண்டும் சரியா தான் படுது. எழுதிப் பாத்துட்டு முடிவு பண்றேன். எப்படியும் 20 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், எங்களுக்கு பின்னாடி அதே ஹால்ல வேற பாஷைக்காரங்க ஆராதன, அபு ஹமூர்ல வெள்ளிக்கிழம ஒரு ஹால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கேம்ப் பஸ்ஸும் நிக்காது

பெரியப்பா: அப்ப 28, 30:25, 31:40 மூணு இடம் போதும், நடுவுல ரெபெக்காள். சங்கீதம் 137 ஆரம்பத்துல யாராவது வாசிக்கட்டும், பாபிலோன் ஆறுகள் அருகேன்னு வர்றது. 6 வசனத்தோட நிறுத்த சொல்லு, மீதி பழிவாங்குற வசனம், அதுக்கு தனியா ஒரு பிரசங்கம் வேணும்

பிரின்சி: அண்ணா அந்த மன்னார் அண்ணன வாசிக்க சொல்லுங்க, போன தடவ வீடியோல அவர் வாசிச்சது நல்லா இருந்துச்சு

ஜெபின் (தோஹா): அவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட், தூங்காம வரணும். கேட்டுப் பாக்கேன். எழுதி முடிச்சதும் வியாழக்கிழம ராத்திரி இங்க வாய்ஸ் அனுப்புறேன் பெரியப்பா, உங்களுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, தூங்கிருந்தா காலைல கேட்டு சொல்லுங்க