சாய மாத்திரைச் சோதனை: பிளாப்பரை மாற்றிய பிறகும் கோப்பையில் நீலம் இறங்குகிறது

கதிரவன் (கேள்வி):
எங்கள் கழிப்பறையின் பிளஷ் தொட்டியிலிருந்து எந்தச் சத்தமும் வருவதில்லை. ஆனால் கோப்பையின் பின்சுவரில் மட்டும் எப்போதும் ஒரு மெல்லிய ஈரக்கோடு தெரிகிறது. தொட்டி நிரம்பி நின்ற பிறகு ஒரு சாய மாத்திரையைப் போட்டு, யாரும் பிளஷ் செய்யாமல் அரைமணி நேரம் காத்திருந்தேன்; கோப்பைத் தண்ணீர் வெளிர்நீலமாகிவிட்டது. தொட்டியின் அடித்துளையை மூடும் பிளாப்பர் கெட்டிருக்கும் என்று புதியது வாங்கி மாட்டி, மீண்டும் சோதித்தேன். இப்போதும் நீலம் இறங்குகிறது. புதிய பிளாப்பரும் பழுதாக இருக்குமா?

செல்வம்:
நிறம் இறங்கினால் பிளாப்பர் ஒழுகுகிறது என்றுதான் பொருள். வேறு காரணம் இருக்க முடியாது. தங்களுக்குக் கிடைத்தது தரமற்ற ரப்பராக இருக்கும், வேறொன்றை மாற்றிப் பாருங்கள். மாத்திரைதான் வேண்டும் என்பதும் இல்லை, சமையலுக்கான நிறப்பொடியே போதும்.

மலர்விழி:
எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். தொட்டிக்கும் கோப்பைக்கும் நடுவிலுள்ள போல்ட் வழியாகத் தரையில் நீர் சொட்டியது; வாஷரை மாற்றியதும் நின்றுவிட்டது. தாங்களும் அந்தப் போல்ட்டுகளைப் பாருங்கள்.

முத்தையா:
மலர்விழி அவர்களே, அந்தப் போல்ட்டில் ஒழுகும் நீர் தரைக்குத்தான் போகும்; கதிரவன் கேட்பது கோப்பைக்குள் இறங்கும் நீரைப் பற்றி. நிறப்பொடி போதும் என்று செல்வம் சொன்னது சரி. வேறு காரணம் இல்லை என்றது சரியன்று. தொட்டி நீர் கோப்பைக்குப் போகிறது என்பதைத்தான் சாயம் காட்டுமே தவிர, எந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்டாது. பிளாப்பருக்கு அடியிலும் போகலாம், மிகுதி நீரைக் கோப்பைக்கு இறக்கும் ஓவர்புளோ குழாயின் வாய் வழியாகவும் போகலாம், அந்தக் குழாயிலுள்ள விரிசல் வழியாகவும் போகலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முதல் சோதனையின் சாயம் கோப்பை விளிம்பின் உட்புறத்தில் தங்கியிருந்து, இரண்டாம் முறை கசிந்து ஏமாற்றுவது உண்டு. நிறமே தெரியாத அளவுக்குப் பல முறை பிளஷ் செய்த பிறகுதான் அடுத்த மாத்திரையைப் போட வேண்டும்.

அடுத்து, தொட்டி நிரம்பியதும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் உட்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வால்வு திறந்திருந்தால் குறைகிற நீரை மிதவை வால்வு சத்தமின்றி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், மட்டம் இறங்குவது தெரியாது. அரைமணி கழித்து எவ்வளவு இறங்கியது, ஓவர்புளோ குழாயின் வாய்க்கு மேலா கீழா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கதிரவன்:
ஐயா, நிறம் முழுதும் போன பிறகு செய்து பார்த்தேன். தொடக்கத்திலேயே நீர்மட்டம் குழாய் வாய்க்கு 2 செ.மீ. கீழேதான் இருந்தது. அரைமணியில் கோட்டிலிருந்து 1 செ.மீ. இறங்கியது. தொட்டியின் உள்ளளவு 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம்.

முத்தையா:
அப்படியானால் இறங்கியது 600 மில்லிலிட்டர். வால்வு திறந்திருக்கும்போது மட்டம் குறையாது, ஆகவே கசிவும் இதே வேகத்தில் தொடரும், மணிக்கு 1.2 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 லிட்டர். மட்டம் வாய்க்குக் கீழே இருப்பதால் நீர் வழிந்து போகவில்லை என்பது உறுதி.

இனி பிளாப்பரா, குழாயா என்பதுதான் கேள்வி. வால்வை மூடியபடியே இரவு முழுதும் விட்டுவிடுங்கள். பிளாப்பர் அடியில் கசிந்தால் தொட்டி பெரும்பாலும் காலியாகிவிடும்; குழாயில் விரிசல் இருந்தால் மட்டம் அந்த விரிசலின் உயரத்தில் வந்து நின்றுவிடும்.

கதிரவன்:
காலையில் பார்த்தேன். பிளாப்பருக்கு நான்கு விரற்கடை மேலே மட்டம் அசையாமல் நின்றிருந்தது. அந்த உயரத்தில் குழாயை விரலால் தடவியபோது, சுவரை நோக்கிய பக்கத்தில் நகத்தில் இடறும்படி ஒரு மயிரிழை விரிசல் தட்டுப்பட்டது. முன்புறமிருந்து அது கண்ணுக்கே தெரியாது.

செல்வம்:
அப்படியென்றால் எபாக்சி பசை பூசிவிடலாமே. தொட்டியைக் கழற்றும் வேலை மிச்சம்.

முத்தையா:
நன்றாக உலர்த்தித் தேய்த்துப் பூசினால் சில காலம் நிற்கலாம். ஆனால் நீருக்குள்ளேயே கிடக்கும் பழைய பிளாஸ்டிக்கில் விரிசல் நீண்டுகொண்டே போகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சில வகைகளில் குழாயை மட்டும் திருகிக் கழற்றலாம். பிளஷ் வால்வோடு ஒரே வார்ப்பாக இருந்தால் தொட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். தங்களுடையது எந்த வகை?

கதிரவன்:
குழாயின் அடியில் மரை எதுவும் தெரியவில்லை. ஆனால் சுண்ணாம்புப் படிவு மூடியிருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படிவை நீக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பயன்படுத்தாத நேரங்களில் ஆங்கிள் வால்வை மூடி வைக்கிறேன்.