காண்ட்ராக்டருக்கு அனுப்பிய 'விடுபட்ட ஆவணங்கள்' கடிதம்: உங்கள் அனுபவம் என்ன?

ஸ்ரீபெரும்புதூர் எச்.ஆர்.:
2023-இல் நடந்தது. ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டரின் கோப்பைச் சரிபார்த்துவிட்டு, "பி.எஃப். ஆவணங்கள் முழுமையாக இல்லை, உடனே தரவும்" என்று எழுதினேன். மறுநாளே சலான் வந்தது. ஏற்கெனவே என் கையில் இருந்த அதே சலான்! அவரைக் குறை சொல்ல முடியாது. எது இல்லை என்று நான் எழுதவே இல்லையே. பிறகு வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலை, ஆள்வாரியாக பி.எஃப். கணக்கைக் காட்டும் ஈ.சி.ஆரோடு ஒப்பிட்டேன். இரண்டாவது கடிதம் இப்படிப் போனது:

"ஜூன் மாத மஸ்டர் ரோலில் 42 பேர் உள்ளனர். தாங்கள் அளித்த ஈ.சி.ஆரில் அவர்களில் 38 பேரே உள்ளனர். இணைப்பில் உள்ள நால்வருக்கும் பி.எஃப். செலுத்திய சான்று, அல்லது செலுத்தாததற்கான காரணமும் அவர்களின் படிவம் 11-ம் தேவை."

மூன்று பேருக்கு ஆதாரில் பெயர் பொருந்தாததால் யூ.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண் உருவாகவில்லையாம். நாலாமவர் சூப்பர்வைசர், பேசிக் 15,000-க்கு மேல், அதனால் விலக்கு என்றார்கள். வேலையில் சேரும்போது பழைய பி.எஃப். விவரத்தை எழுதித் தரும் படிவம் 11 வந்ததும் பார்த்தால் பழைய கம்பெனி யூ.ஏ.என். இருக்கிறது, கணக்கும் மூடப்படவில்லை. ஏற்கெனவே உறுப்பினர் என்றால் அப்புறம் எங்கே விலக்கு?

திருப்பூரிலிருந்து ஒருவர்:
இவ்வளவு எதற்கு? காண்ட்ராக்டருக்குத் தனி பி.எஃப். கோடு இருந்தால் பொறுப்பு அவருடையது. சலான் போதும்.

ஓய்வுபெற்ற பெர்சனல் மேனேஜர்:
தம்பி, கோடு அவருடையதுதான். ஆனால் பி.எஃப். திட்டத்தின் 30-ஆம் பத்தி, காண்ட்ராக்டர் ஆட்களின் தொகைக்கும் முதன்மை முதலாளியான கம்பெனியைத்தான் பொறுப்பாக்குகிறது. சலானில் மொத்தத் தொகைதான் இருக்கும். அவர் நாலு கம்பெனிக்கு ஆள் அனுப்பினால் நாலுக்கும் ஒரே சலான். அதில் உங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? பெயர்களோடு என்.சி.பி. நாட்களையும், அதாவது சம்பளமில்லாத நாட்களையும் பாருங்கள். மஸ்டரில் 26 நாள் வேலை, நாலு நாள் வாராந்திர விடுமுறை என்று இருக்கும் ஆளுக்கு ஈ.சி.ஆரில் 12 என்.சி.பி. நாட்கள் இருந்தால், சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

செக்யூரிட்டி காண்ட்ராக்டர்:
எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் சார். ஒரு காகிதம் குறைந்தால் மொத்த பில்லையும் நிறுத்துகிறீர்கள். சம்பளம் எதிலிருந்து போடுவது?

ஸ்ரீபெரும்புதூர் எச்.ஆர்.:
அந்த நால்வருக்கான தொகையை மட்டும் நிறுத்தினேன். அக்கவுண்ட்ஸில் ஒத்துக்கொள்ளவில்லை, பில்லைப் பிரிக்க முடியாது என்றார்கள். இன்றும் அது இழுபறிதான்.

இன்னொருவர்:
எனக்கு ரிலீவிங் லெட்டர் வரவில்லை. இதே மாதிரிக் கடிதம் நான் கம்பெனிக்கு அனுப்பலாமா?

ஓய்வுபெற்ற பெர்சனல் மேனேஜர்:
அது வேறு கதை, தனியாகக் கேளுங்கள். அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள்?

ஸ்ரீபெரும்புதூர் எச்.ஆர்.:
இருவருக்கு ஆதார் திருத்தி, பாக்கியைக் கட்டிவிட்டார்கள். மூன்றாமவர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை.