கலைச்சொல் தேவை: ப்ரீ-ஷ்ரங்க், மெர்சரைஸ்டு

செல்வி:
பருத்தி ஆடைகளின் விவரக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். 'ப்ரீ-ஷ்ரங்க்' என்பதற்கு எனக்கு முன்னால் செய்தவர் 'சுருங்காத' என்று போட்டிருக்கிறார். 'மெர்சரைஸ்டு' அப்படியே கிடக்கிறது. நல்ல சொல் சொல்லுங்கள்.

குமரன்:
இரண்டாவதற்குச் சொல் கையிலேயே இருக்கிறது: மெருகேற்றிய. மெர்சர், மெருகு: ஒலியும் ஒக்கிறது, பொருளும் ஒக்கிறது. துணி என்பதையும் விட்டுவிட்டு 'மெருகறுவை' என்றே சொல்லலாம். துணித்தது துணி, அறுத்தது அறுவை. இரண்டுக்கும் பிறப்பு ஒன்றுதான்.

செல்வி:
அறுவை என்றதும் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும், குமரன். வாங்குகிறவருக்குப் புரிய வேண்டும்.

வேலாயுதம்:
சாயப் பட்டறையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மெருகு வேண்டாம். 1850இல் காப்புரிமை பெற்ற ஜான் மெர்சர் எரிசோடா என்னும் காரத்தின் கரைசலில் துணியை நனைத்தார். துணி தடித்தது, சுருங்கியது, சாயத்தை நன்றாகக் குடித்தது. பளபளப்பு வரவில்லை. 1890இல் ஹொரேஸ் லோ துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டே அதைச் செய்த பிறகுதான் மினுக்கம் வந்தது. முறுக்கிய நாடாபோலக் கிடக்கும் இழை காரத்தில் உப்பி உருளை வடிவாகிறது, முறுக்கும் அவிழ்கிறது. அதனால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. இது துவைத்தாலும் போகாது. ஆனால் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தினாலும் துணி மினுங்கும், அது சில துவைப்பில் மங்கிவிடும். 'மெருகேற்றிய' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

குமரன்:
சரி ஐயா. ஆனால் காரத்தில் ஒருமுறை சுருங்கிவிட்டதால் மெர்சரைஸ்டு துணி இனிச் சுருங்காது, சாயமும் போகாது என்பது சரிதானே? அப்படியானால் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமே.

வேலாயுதம்:
பாதி சரி. இழுத்துப் பிடிப்பதே சுருங்கவிடாமல் தடுக்கத்தான். அதனால் பிறகு நீரில் விட்டால் சுருங்க இடம் இருக்கிறது, அதற்குத் தனி வேலை வேண்டும். சாயத்தில், அதே அளவு சாயத்துக்கு நிறம் ஆழமாக ஏறும், அது உண்மை. பிடித்து நிற்பது சாயத்தின் வகையைப் பொறுத்தது. ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்து நிற்கும். டைரக்ட் சாயம் மெர்சரைஸ்டு துணியிலும் நீரில் கசியும்.

மீனா:
நான் வாங்கிய பின்னலாடைச் சட்டையில் 'ப்ரீ-ஷ்ரங்க்' என்றுதான் இருந்தது. 70 செ.மீ. நீளம், ஒரு துவைப்பில் 67 ஆகிவிட்டது. உலர்த்தும் இயந்திரத்தில் போட்டேன். யாரிடம் முறையிடுவது?

வேலாயுதம்:
முறையிடும் வழி எனக்குத் தெரியாது அம்மா, கணக்கு மட்டும் சொல்கிறேன். 3 செ.மீ. குறைந்தால் 4.3 விழுக்காடு. தறியிலும் முடிப்பு வேலையிலும் இழுபட்ட நூல் நனைந்ததும் தன் நிலைக்குத் திரும்பப் பார்க்கும். சுருக்கம் என்பது பெரும்பாலும் அதுதான். ஆலையில் நெய்த துணியை ஈரமாக்கி, இழுபட்ட ரப்பர் பட்டையின்மேல் படியவைப்பார்கள்; பட்டை சுருங்கும்போது துணியும் கூடவே சுருங்கும். நன்றாகச் செய்தால் மிச்சம் 1 விழுக்காட்டுக்குள் நிற்கும். பின்னலாடை வளையங்களால் ஆனது, எளிதில் இழுபடும். இயந்திர உலர்த்தலில் உருண்டு உருண்டு இன்னும் ஒடுங்கும். ஆகவே அந்தச் சொல் 'கொஞ்சம் சுருக்கியாயிற்று' என்று மட்டுமே சொல்கிறது, மிச்சம் எவ்வளவு என்று சொல்வதில்லை. துணியாக வாங்கினால், வெட்டுமுன் 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் குறித்து, வழக்கமாகத் துவைப்பதுபோலத் துவைத்து உலர்த்தி அளந்து பாருங்கள். 48.5 வந்தால் 3 விழுக்காடு.

செல்வி:
அப்படியானால் 'சுருங்காத' பொய்யாகிவிடும். 'முன்சுருங்கிய' என்று போடலாமா?

குமரன்:
தானாகச் சுருங்கியது தன்வினை. ஆலை செய்தது பிறவினை. 'முன்சுருக்கிய' தான் சரி. 'காரமூட்டிய' என்பதை மற்றதற்கு வைக்கலாம். செய்த வேலையைச் சொல்லும் பெயர்.

மீனா:
காரம் என்றால் மிளகாய் என்று நினைப்பார்களே. தோலில் எரியுமோ என்று பயந்தே வாங்க மாட்டார்கள்.

வேலாயுதம்:
காரத்தை அமிலத்தால் சமன்செய்து கழுவிவிடுவார்கள், துணியில் எரிச்சல் இருக்காது. ஆனால் மீனா சொல்வதும் நியாயம். எங்கள் பட்டறையில் எல்லோருமே 'மெர்சரைஸ்' என்றுதான் சொல்வோம்.

செல்வி:
நேரம் போய்விட்டது. 'முன்சுருக்கிய' என்று போட்டுவிட்டேன்; மிச்ச விழுக்காட்டையும் அருகில் தரும்படி வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறேன். மற்றது 'மெர்சரைஸ் செய்த'. மூவர் ஒப்பினோம்.

குமரன்:
என் வாக்கு 'காரமூட்டிய' என்பதற்கே. அடுத்த பதிப்புக்கு மீண்டும் கேட்பேன்.