கரிந்த பப்ஸை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்தியூர் பேக்கரி (கேள்வி)
சிறிய பேக்கரி நடத்துகிறேன். விற்பனையில் பாதிக்குள் நிற்க வேண்டிய சரக்குச் செலவு, இரண்டு மாதமாக 57 சதவீதத்தில் நிற்கிறது. மைதா விலை ஏறியதாலா, பண்டம் வீணாவதாலா, கைமாறிப் போவதாலா என்று கணக்கைப் பார்த்தால் பிடிபடவில்லை. வீணாவதை எப்படி எழுதி வைப்பது?

பெருந்துறை மாஸ்டர்
22 வருடமாக அடுப்படியில் நிற்கிறேன் தம்பி. இதற்குத் தனி நோட்டு வேண்டாம். போட்டதில் விற்றதைக் கழியுங்கள். மீதி எல்லாம் வீண். நோட்டு வைத்தால் பையன்கள் பயந்துகொண்டு, கரிந்ததைச் சாக்குக்கு அடியில் மறைப்பார்கள். அதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு கணக்கர்
கழிப்பது சரிதான் அண்ணா. மீதி முழுவதையும் வீண் என்று முடிப்பதுதான் தவறு. நான் கணக்கு எழுதும் ஒரு கடையில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அன்று 120 முட்டை பப்ஸ் போட்டார்கள், பில்லில் விற்றது 95. உங்கள் வழியில் 25 வீண். நோட்டில் இருந்ததோ வேறு: இரவு மீந்தது 11, கரிந்தது 4, தட்டு சரிந்து நசுங்கியது 2, வேலையாட்கள் சாப்பிட்டது 3. மொத்தம் 20. மீதி 5 பப்ஸுக்குக் காரணமே இல்லை. முதலாளி தேட வேண்டியது அந்த ஐந்தைத்தான். அது பில் போடாமல் போனதாகவும் இருக்கலாம், டீ பெஞ்சில் கடனாகப் போனதாகவும் இருக்கலாம். 25 என்று ஒரே எண்ணாக எழுதினால் அந்த ஐந்து கண்ணிலேயே படாது.

மதிப்பை அடக்க விலையில் போடுங்கள். அந்தக் கடையில் பப்ஸ் 20 ரூபாய்க்கு விற்றாலும் அடக்கம் 9 ரூபாய். வீணான 17-க்கு 153 ரூபாய், வேலையாட்கள் சாப்பிட்டதற்கு 27, காரணம் தெரியாததற்கு 45. விற்காத பப்ஸில் லாபமே வரவில்லை. வராத 11 ரூபாயை நஷ்டம் என்று எழுதக்கூடாது.

இன்னொன்று. மைதாவும் டால்டாவும் வாங்கியபோதே செலவில் ஏறிவிட்டன. 153 ரூபாயைச் சேதாரக் கணக்கில் பற்று வைக்கும்போது, சரக்குச் செலவில் அதே 153 ரூபாயை வரவு வைத்துக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் ஒரே பப்ஸ் இரண்டு முறை செலவாகிவிடும். நிகர லாபம் இதனால் மாறாது. பணம் எங்கே போனது என்பது மட்டும் தனியாகத் தெரியும்.

பொள்ளாச்சி லைன் வண்டி
எங்களுக்கும் இதே தலைவலி. கடைகளுக்கு பிரெட் போடுகிறோம், வாரத்துக்கு நாற்பது, ஐம்பது பாக்கெட் திரும்பி வருகிறது. எந்தக் கடைக்கு எவ்வளவு குறைத்துப் போடுவது?

ஈரோடு கணக்கர்
அது வேறு கேள்வி அண்ணா. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திரும்பிய பாக்கெட்டுக்குக் கடைக்காரருக்குக் கழித்துக் கொடுத்ததுமே உங்கள் விற்பனை குறைந்துவிடுகிறது. அதற்குமேல் விற்பனை விலையில் சேதாரமும் எழுதினால் நஷ்டம் இரட்டிப்பாகத் தெரியும். அங்கேயும் அடக்க விலைதான்.

திருப்பூர் கேக் கடை
இப்படி எழுதி வைத்தால் வரி கேட்பார்கள். எழுதாமல் விடுவதே நல்லது.

ஈரோடு கணக்கர்
அது நல்லதல்ல. சரக்கு சேவை வரிச் சட்டம் பிரிவு 17(5)(எச்), அழிந்த, தள்ளுபடி செய்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழிவாக எடுக்க முடியாது என்கிறது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். அழிந்த சரக்கைப் பதிவேட்டில் காட்ட வேண்டும் என்று விதி 56-உம் சொல்கிறது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் உள்ளீட்டு வரியே எடுப்பதில்லை, அவருக்குத் திருப்ப ஒன்றுமில்லை. அடுப்பில் கரிந்ததற்கும் திருப்ப வேண்டுமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், உருக்கு ஆலையில் தயாரிப்பின்போது இயல்பாகக் குறையும் அளவுக்குத் திருப்ப வேண்டாம் என்றது. நான்கு பப்ஸ் கரிவது அந்த இயல்பில் சேருமா? உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பெருந்துறை மாஸ்டர்
அந்த ஐந்து பப்ஸ் கணக்கை ஒப்புக்கொள்கிறேன் அம்மணி. ஆனால் எண்ணும் இடத்தை நீங்கள் சொல்லவில்லை. நான் கரிந்ததை ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் எண்ணித்தான் கடைக்கு அனுப்புவேன். அந்த 120-இல் கரிந்த நான்கு இல்லையென்றால், நோட்டில் எழுதிய நான்கு இரண்டாம் முறை கழிகிறது. அப்போது காணாமல் போனது ஐந்தல்ல, ஒன்பது.

ஈரோடு கணக்கர்
மிகச் சரி அண்ணா, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுப்புக்குள் தட்டு போகும்போதே எண்ண வேண்டும். சில நாள் நோட்டில் எழுதியது குறைந்ததைவிடக் கூடுதலாக வந்தால், எண்ணும் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

அந்தியூர் பேக்கரி
நாளை காலை முதல் தட்டிலிருந்தே எண்ணச் சொல்கிறேன். நசுக்கியவர் பெயரையும் எழுத வேண்டுமா?

ஈரோடு கணக்கர்
காரணமும் எண்ணிக்கையும் போதும். மூடி போட்ட ஒரு வாளியை வைத்து, வீணானதை அதிலேயே போடச் சொல்லுங்கள். இரவில் நோட்டையும் வாளியையும் ஒத்துப் பாருங்கள்.

பெருந்துறை மாஸ்டர்
பெயர் இல்லையென்றால் என் பையன்களை எழுத வைக்கிறேன். பெயர் கேட்டால் நானே தடுப்பேன்.