குடியாத்தம் கிளை உண்மையிலேயே மோசமா? 8 ஊர் விளம்பரக் கணக்கை எப்படி ஒப்பிடுவது?

காட்பாடிக்காரன்:
வேலூர் வட்டாரத்தில் 8 மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு கூகுள் விளம்பரம் பார்த்துக்கொள்கிறேன். வேலூர், காட்பாடி கடைகள் முதலாளியுடையவை. ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆம்பூர், திருப்பத்தூர், வாணியம்பாடி, குடியாத்தம் எல்லாம் பிரான்சைஸ். கடைக்கு ஒரு கேம்பெயின். பேசி முடித்த அழைப்பை மட்டும் கடைக்காரர் நோட்டில் எழுதுவார்.

போன மாதம் வேலூரும் காட்பாடியும் சேர்ந்து 30,000 ரூபாய்க்கு 300 அழைப்பு. குடியாத்தம் 6,000க்கு 22, வாணியம்பாடி 1,500க்கு 6. மற்ற நாலு ஊரும் சேர்த்து 24,000க்கு 160. வேலூரில் ஓர் அழைப்பு 100 ரூபாய், குடியாத்தத்தில் 270க்கு மேல். குடியாத்தம், வாணியம்பாடி இரண்டுக்கும் விளம்பரத்தை நிறுத்தச் சொல்கிறார் முதலாளி. அந்தக் கடைக்காரர்களுக்கு இது நியாயமாகப் படவில்லை. என்ன சொல்லி விளக்குவது?

ஆம்பூரான்:
என் பிரியாணிக் கடைக்கு ரீல்ஸ் போட்டு பூஸ்ட் செய்தேன், சனி ஞாயிறு நல்ல கூட்டம். கூகுளை விட்டுவிட்டு ரீல்ஸ் போடுங்கள் சார்.

கோட்டைவெளி:
ஊரின் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். வேலூர் பெரிய ஊர், அழைப்பு அதிகம் வரத்தான் செய்யும்.

வாலாஜா அக்கா:
ஊர் அளவு பார்க்க வேண்டும் என்பது சரிதான் கோட்டைவெளி. ஆனால் செலவே ஊருக்கு ஊர் வேறாக இருக்கும்போது, தலைக்கு இத்தனை அழைப்பு என்று பார்த்தால் அதிகம் செலவழித்த ஊர்தான் ஜெயிக்கும்.

தம்பி, முதலில் வேலூரை அளவுகோலாக வைக்காதே. சி.எம்.சி.க்கு வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே வேலூரைப் பற்றித் தேடுவார்கள். கேம்பெயினில் இடம் `Presence or interest` என்று இருந்தால் கொல்கத்தாவில் இருப்பவருக்கும் உன் விளம்பரம் போகும். அதை `Presence` என்று மாற்று. அந்த அழைப்பில் எத்தனை பில் ஆகிறதோ தெரியாது, குடியாத்தத்துக்கு அந்த வரவே கிடையாது. வேலூர், காட்பாடி இரண்டையும் நீ சேர்த்துக் காட்டியது சரி, விளம்பரம் போகும் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். ராணிப்பேட்டை, ஆற்காட்டுக்கும் அப்படியே செய்.

இப்போது ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆம்பூர், திருப்பத்தூர் நாலையும் அளவுகோலாக எடு. கடைவாரி விகிதங்களுக்குச் சராசரி போடாதே, 1,500 ரூபாய்க் கடையும் 10,000 ரூபாய்க் கடையும் ஒரே எடையாகிவிடும். C செலவு, D அழைப்பு என்றால்:

```
=SUM(C2:C5)/SUM(D2:D5)
```

150 வரும். அந்தக் கணக்கில் வாணியம்பாடியிடம் எதிர்பார்க்க வேண்டியது 10, வந்தது 6. எதிர்பார்க்கும் எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு மாதாமாதம் கூடக்குறைய வருவது சகஜம். 10க்கு வர்க்கமூலம் 3 சொச்சம். 4 குறைவது வெறும் ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம், ஒரு மாதத்தை வைத்து அந்தக் கடையைக் குறை சொல்ல முடியாது. குடியாத்தத்திடம் எதிர்பார்ப்பது 40, வந்தது 22. 40க்கு வர்க்கமூலம் 6 சொச்சம், 18 குறைவது அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினாலே நான் விசாரிப்பேன்.

ஆனால் குறை விளம்பரத்திலா கடையிலா என்பது இன்னும் தெரியாது. அழைப்பு பொத்தானை எத்தனை பேர் தொட்டார்கள் என்று கூகுளில் எடுத்து, நோட்டோடு வைத்துப் பார்.

காட்பாடிக்காரன்:
எடுத்தேன் அக்கா. மற்ற நாலு ஊரில் 24,000 ரூபாய்க்கு 210 பேர் தொட்டிருக்கிறார்கள், 160 நோட்டில் ஏறியிருக்கிறது. குடியாத்தத்தில் 6,000க்கு 51 பேர் தொட்டும் 22தான் ஏறியிருக்கிறது.

வாலாஜா அக்கா:
அப்படியென்றால் விளம்பரம் மற்ற ஊருக்குச் சமமாகவே வேலை செய்திருக்கிறது. 6,000க்கு 52 பேர்தான் வர வேண்டும். அழைத்தவர்கள் கடையில்தான் நழுவுகிறார்கள். கடை போனில் தவறிய அழைப்புகளை நேரத்தோடு பார்.

காட்பாடிக்காரன்:
கடைக்காரர் போனைக் காட்டினார். தவறியவை பெரும்பாலும் மதியம் 1 முதல் 4 வரை. சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிடுகிறார், விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்துக்கு விளம்பரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கோட்டைவெளி:
நிறுத்தியது சரிதான். ஆனால் மதியம் அழைக்கிறவர் சாயங்காலம் மறுபடி அழைப்பாரா, வேறு கடைக்குப் போய்விடுவாரா? கடை போனை அந்த மூன்று மணி நேரம் வேலூர்க் கடைக்குத் திருப்பிவிட்டால் வாடிக்கையாளர் கை நழுவ மாட்டார் இல்லையா?

காட்பாடிக்காரன்:
கேட்டேன் சார். வேலூர்க் கடை முதலாளியுடையது, வாடிக்கையாளரை அங்கேயே இழுத்துக்கொள்வார்கள் என்று குடியாத்தத்துக்காரர் மறுக்கிறார்.

வாலாஜா அக்கா:
அவர் பயமும் நியாயமானதுதான். திருப்பிவிட்ட அழைப்பில் ஆன பில் யார் கணக்கு என்று முதலாளி எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளலாம். வாணியம்பாடிக்கு மூன்று மாதக் கணக்கைச் சேர்த்த பிறகு மறுபடி போடு, பார்ப்போம்.